'எக்ஸ்பீரியன்ஸ் சாம்ப்ளிங்': தமிழில் எப்படிச் சொல்லலாம்?

கயல்விழி:

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான உளவியல் ஆய்வுமுறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். 'எக்ஸ்பீரியன்ஸ் சாம்ப்ளிங்' வந்த இடத்தில் வேலை நின்றுவிட்டது. ஆய்வில் சேர்ந்தவரின் கையில் ஒரு கருவி இருக்கும். அது பகலில் அவர் எதிர்பாராத நேரங்களில் ஒலிக்கும். ஒலித்ததும் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார், மனம் எப்படி இருக்கிறது என்று அங்கேயே குறித்துவிட வேண்டும். 1970களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிக்சென்ட்மிஹாயியும் லார்சனும் பதின்ம வயதினருக்கு பேஜர் கொடுத்துச் செய்தது இதைத்தான். இப்போது பேஜரின் இடத்தில் கைப்பேசி.

'அனுபவ மாதிரியெடுப்பு' என்று எழுதி ஒரு மாணவியிடம் படிக்கக் கொடுத்தேன். "அனுபவசாலிகள் சில பேரை மாதிரிக்கு எடுத்துப் பேட்டி காண்பதா?" என்று கேட்டார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். வேறு என்ன வைக்கலாம்?

நடராசன்:

அம்மா, 'மாதிரி'யால் வந்த குழப்பம் இது. 'மாடல்' என்பதற்கும் அதையே சொல்கிறோம், 'அது மாதிரி' என்றும் பேசுகிறோம். புள்ளியியல் வகுப்பில் நாங்கள் 'கூறெடுப்பு' என்றே சொல்லி வந்தோம். மொத்தத்திலிருந்து ஒரு கூறை எடுப்பது, அவ்வளவுதான். 'அனுபவக் கூறெடுப்பு' என்று வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். இதற்குத் தனிச்சொல் தேவையா என்பதே எனக்குச் சந்தேகம். 'நாட்குறிப்பு முறை' என்றாலே போதும். மணி அடித்ததும் எழுதினால் என்ன, இரவு படுக்கும் முன் எழுதினால் என்ன? இரண்டும் அதே நாளைப் பற்றிய குறிப்புதானே. கொஞ்சம் மறந்தாலும், நூறு பேரிடம் கேட்டால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும்.

மீனாட்சி:

வணக்கம் ஐயா. 'கூறெடுப்பு' எனக்கும் சம்மதம். ஆனால் இரவில் எழுதினாலும் ஒன்றுதான் என்பதை ஏற்க முடியவில்லை. நான் இப்படிப்பட்ட ஆய்வுகளில் களவேலை பார்த்தவள்.

மறதி இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் நீங்கள் சொல்வதுபோல் சரிக்கட்டிவிடும். அது அப்படி இழுப்பதில்லை. நாளின் உச்சமான நேரமும் கடைசி நேரமும் நினைவில் பெரிதாக நிற்கும், சாதாரணமாகக் கழிந்த மணிநேரங்கள் காணாமல் போய்விடும். எழுதும் நேரத்து மனநிலையும் உள்ளே கலக்கும். இரவு எட்டு மணிக்கு வீட்டில் சண்டை என்றால் காலையும் மோசமாக இருந்ததுபோல் எழுதுவோம். எல்லோருக்கும் பிழை ஒரே பக்கம் சாய்ந்தால் நூறு பேரைக் கேட்டும் பயனில்லை.

இங்கே கூறெடுப்பது ஆட்களை அல்ல, நேரத்தை. ஓர் உதாரணம்: காலை 9 முதல் இரவு 9 வரை உள்ள 12 மணிநேரத்தை இரண்டிரண்டு மணியாக ஆறு துண்டுகளாக்குவோம். ஒவ்வொரு துண்டுக்குள்ளும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுப்போம். ஒன்று 10.47, அடுத்தது 11.20, அதற்கடுத்தது 2.38 என்று வரும். ஏழு நாளில் ஒருவரிடமிருந்து 42 தருணங்கள். முழு நாளையும் கலைத்துப்போட்டு ஒரு பிடி அள்ளியதுபோல. மணி எப்போது அடிக்கும் என்று தெரிந்துவிட்டால் ஆள் தயாராகக் காத்திருப்பார், அந்தத் தருணமே மாறிவிடும்.

அதனால் சொல்லில் 'அனுபவ'த்தைவிட 'தருணம்' இருக்க வேண்டும். 'தருணக் கூறெடுப்பு' என்பது என் பரிந்துரை.

ரஹீம்:

இந்த இழையைப் படித்ததும் என் டைரி நினைவுக்கு வந்தது. ஒற்றைத் தலைவலிக்காக மருத்துவர் என்னை தினமும் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார். எப்போது வலித்தது, எவ்வளவு, என்ன சாப்பிட்டேன் என்று. உண்மையைச் சொல்கிறேன், பல வாரங்கள் எழுதவே இல்லை. மருத்துவரைப் பார்க்கும் நாளில் வரவேற்பறையில் உட்கார்ந்து பத்து நாளையும் ஒரே பேனாவில் நிரப்பினேன். அதைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டினார். அது இன்றும் உறுத்துகிறது.

அந்த ஏட்டுக்குத்தான் பெயர் கேட்கிறீர்கள் என்றால் 'உடல்நலக் குறிப்பேடு' என்று வைக்கலாமே?

மீனாட்சி:

ரஹீம் அண்ணா, இங்கே கேட்பது ஏட்டின் பெயரை அல்ல, முறையின் பெயரை. ஆனால் நீங்கள் சொன்னது இந்த விவாதத்தின் நடுவில் உள்ள விஷயம்.

ஆர்தர் ஸ்டோன் குழுவினர் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தீராத வலி உள்ளவர்களுக்குக் காகித டைரி கொடுத்து, காலை 10, மாலை 4, இரவு 8 என மூன்று வேளை எழுதச் சொன்னார்கள். டைரி இருந்த கோப்பு அட்டைக்குள் வெளிச்சத்தை உணரும் கருவி ஒளிந்திருந்தது. அட்டை திறந்த நேரமெல்லாம் அதில் பதிவானது. காகிதத்தின்படி சொன்ன நேரத்தில் எழுதியவை 90 சதவீதம். அட்டை திறந்த நேரத்தோடு ஒப்பிட்டால் 11 சதவீதம்தான். ஒரு முறைகூடத் திறக்காத நாட்களுக்கும் பக்கங்கள் நிரம்பியிருந்தன. ஆக, நீங்கள் தனி ஆள் இல்லை. ஒலி எழுப்பி, நேரத்தைத் தானே பதியும் மின்கருவி கொடுத்தவர்களிடம் 94 சதவீதம் கிடைத்தது.

அதற்காக கருவி இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்த ஒரு பெண் 42 ஒலிகளில் 33க்குப் பதில் தந்திருந்தார். எண்ணிக்கை நன்றாகத்தான் இருந்தது. விட்டுப்போன ஒன்பதையும் மணிவாரியாக அடுக்கியபோது ஏழு, மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் விழுந்தன. பிள்ளைகள் வந்து, அடுப்பு எரிந்து, தண்ணீர் பிடிக்கும் நேரம். அவருடைய நாளின் மிகக் கடினமான பகுதி தரவில் இல்லவே இல்லை. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் நிம்மதியான பெண் என்று எழுதியிருப்போம்.

நடராசன்:

அந்த மணிவாரி அடுக்கு என்னை யோசிக்க வைத்தது. நேரத்தில் கூறெடுக்கிறோம் என்பதை ஏற்கிறேன், அம்மா.

ஆனால் 'தருணம்' என் காதுக்கு 'தக்க தருணம்', 'பொன்னான தருணம்' என்றே ஒலிக்கிறது. நீங்கள் சொல்வதோ எந்தச் சிறப்பும் இல்லாத நேரம். 'கணம்' பொருந்தும். சேர்த்து எழுதினால்தான் தொல்லை, 'கணக்கூறெடுப்பு' என்றால் கண்ணுக்கு 'கணக்கு' முதலில் படும். பிரித்து, 'கணக் கூறெடுப்பு' என்றே எழுத வேண்டும்.

கயல்விழி:

எல்லோருக்கும் நன்றி. 'அனுபவ'த்தையும் 'மாதிரி'யையும் விட்டுவிடுகிறேன். நேற்று இரண்டு சொல்லையும் அதே மாணவியிடம் காட்டினேன். 'தருணக் கூறெடுப்பு' உடனே புரிந்தது. மற்றதைப் பார்த்து "கணக்கா?" என்றார். வரைவில் இப்போதைக்குத் 'தருண'த்தையே வைத்திருக்கிறேன். ஐயாவின் மறுப்பையும் மறக்கவில்லை.

ரஹீம் அண்ணாவின் மடலால் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. தலைவலி வரும்போதெல்லாம் எழுதுவது கூறெடுப்பு ஆகாது, ஏனென்றால் அங்கே எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, வருவதையெல்லாம் எழுதுகிறோம். இரவு ஒரு முறை எழுதுவதும் கூறெடுப்பு இல்லை. மூன்றுக்கும் பொதுவாக 'அன்றாடப் பதிவு முறைகள்' என்று அத்தியாயத் தலைப்பு வைத்து, உள்ளே 'ஒலிவழிப் பதிவு', 'நிகழ்வழிப் பதிவு', 'நாள்முடிவுக் குறிப்பு' என்று பிரிக்கலாமா?

அப்புறம் கேள்வியின் வாசகம். "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று போட்டால் நம்மவர்கள் குசலம் விசாரிப்பதாக எடுத்துக்கொண்டு "நல்லா இருக்கேன்" என்று குறித்துவிடுகிறார்கள். "மணி அடிப்பதற்குச் சற்று முன் உங்கள் மனத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?" என்று மாற்றிப் பார்க்கிறேன். மீனாட்சி அக்கா, களத்தில் நீங்கள் எந்த வாசகத்தைப் பயன்படுத்தினீர்கள்?

மீனாட்சி:

'சற்று முன்' என்பது நல்லது. மணி அடித்த பிறகு வரும் எரிச்சல் பதிலில் சேராது. இதேபோல் ஒலி எழுப்பி மன ஓட்டத்தை ஆராயும் உளவியலாளர் ஹர்ல்பர்ட்டும் ஒலி கலைப்பதற்கு முந்தைய கடைசிக் கணத்தைத்தான் கேட்பார். ஆனால் 'மனத்தில் ஓடுவது' எண்ணத்தைக் கேட்கிறது, மனநிலையை அல்ல. நாங்கள் "எரிச்சலா, சோர்வா, நிம்மதியா" என்று தனித்தனியாக 1 முதல் 7 வரை குறிக்கச் சொன்னோம். அதிலும் 'சோர்வு' என்றதைப் பாதிப் பேர் உடல் அசதி என்றே எடுத்துக்கொண்டார்கள். மன அசதிக்கு வேறு சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.