யூஆர்எல் ஷார்ட்னர் டிசைன்: 7 எழுத்துக் கீ எப்போது மோதும்?

கார்த்தி_பேக்எண்ட்
இன்டர்வியூவின் சிஸ்டம் டிசைன் ரவுண்டில் யூஆர்எல் ஷார்ட்னர் கேட்டார்கள். நீள லிங்கை எம்டி5-இல் ஹாஷ் செய்து, பேஸ்62 ஆக்கி, கடைசி 7 எழுத்தை எடுக்கலாம் என்றேன். 62^7 என்றால் சுமார் 3.5 லட்சம் கோடி கீ இருக்கிறதே! "சரி, முதல் மோதல் எத்தனையாவது லிங்கில் வரும்?" என்றார். நாளை இங்கிருந்தே தொடர்வாராம். என்ன எதிர்பார்க்கிறார்?

நிலா
சுமார் 22 லட்சம் லிங்க் சேர்ந்ததுமே ஏதோ ஒரு ஜோடி மோதியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எந்த இரண்டு லிங்கும் மோதலாம் என்பதால், 3.5 லட்சம் கோடியின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கணக்கு வரும்.

இதில் மிரள ஒன்றுமில்லை. 10 கோடி லிங்க் இருக்கும்போதுகூடப் புதிதாக வரும் ஒன்று மோத 35,000-இல் ஒரு வாய்ப்புதான். மோதினால் என்ன செய்வீர்கள் என்றுதான் பார்க்கிறார். 'முதலில் செலக்ட், இல்லையென்றால் இன்சர்ட்' என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு சர்வர் ஒரே நொடியில் தேடினால் இரண்டுக்கும் 'இல்லை' என்றே வரும். `code`-க்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் வைத்து முடிவை டேட்டாபேஸிடம் விடுங்கள். போஸ்ட்கிரெஸில்:

```sql
INSERT INTO links (code, long_url)
VALUES ($1, $2)
ON CONFLICT (code) DO NOTHING;
```

0 வரிசை என்று வந்தால், லிங்கோடு ரேண்டமாக ஏதாவது ஒட்டி மறுபடி ஹாஷ்.

ராஜா_ஓப்ஸ்
எதுக்குங்க இவ்வளவு? ரெடிஸில் `INCR` போட்டு வரும் எண்ணை பேஸ்62 ஆக்கினால் மோதலே கிடையாது.

நிலா
கவுன்டர் யோசனை சரி. ரெடிஸ் நொடிக்கு ஒருமுறைதான் டிஸ்கில் எழுதுகிறது என்றால், மெஷின் விழுந்து எழும்போது கவுன்டர் பின்னால் போய், கொடுத்த எண்ணையே திரும்பக் கொடுக்கும். ஒவ்வொரு சர்வரும் டேட்டாபேஸிலிருந்து 1,000 எண்ணாக வாங்கி வைத்துக்கொள்ளட்டும். சர்வர் செத்தால் மிச்ச எண் வீண், அவ்வளவுதான். ஆனால் வரிசையாகக் கொடுத்தால் அடுத்தவர் லிங்கை எவரும் யூகித்துத் திறக்கலாம். அதைக் கட்டாயம் கேட்பார்.

பழைய_டிபிஏ
எங்கள் எஸ்எம்எஸ் லிங்க் சர்வீஸில் டேபிள் பாதிகூட நிறையவில்லை, Duplicate entry மழையாகக் கொட்டியது. யாரும் ஹாஷைத் தொடவில்லை. மைசீக்வெலின் டிஃபால்ட் கொலேஷனுக்கு `aB3` என்பதும் `Ab3` என்பதும் ஒன்றே! 62 எழுத்து 36 ஆகிவிட்டது. 36^7 வெறும் 7,836 கோடி. அந்தக் கீ நெடுவரிசையை `ascii_bin` ஆக்கியதும் நின்றது.

கார்த்தி_பேக்எண்ட்
இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஷார்டிங்கிலிருந்து ஆரம்பிக்கவா?

நிலா
அவசரப்படாதீர்கள். 100 கோடி வரிசை, ஒன்றுக்கு 500 பைட் என்றால் 500 ஜிபி. ஒரே மெஷினில் அடங்கும். திணறுவது ரீட்தான், முன்னால் கேஷ் வையுங்கள். க்ளிக் எண்ண வேண்டுமென்றால் 301 கொடுக்காமல் 302 கொடுங்கள். 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் சர்வருக்கே வராது.

ராஜா_ஓப்ஸ்
ஒரே லிங்கை இரண்டு பேர் சுருக்கினால் ஒரே கீயா, இரண்டா?

நிலா
நான் இரண்டு கொடுப்பேன், க்ளிக் கணக்கு தனித்தனியாக வரும்.

பழைய_டிபிஏ
நான் ஒன்றுதான். டேபிள் வீங்குவதைச் சுமப்பவன் நான்தானே.