குடல் அறுவைசிகிச்சை முடிந்தவருக்குப் பழக்கூடை: என்ன வைக்கலாம்?

பெருங்குடலில் ஒரு பகுதியை அகற்றும் அறுவைசிகிச்சை முடிந்து 12 நாட்களாகும் என் சித்தப்பாவுக்குப் பழங்களும் பானங்களும் கொண்ட கூடை ஒன்றைத் தயாரிக்க முயன்று, இருமுறை தோற்றுவிட்டேன். அவருக்கு வயது 61. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இல்லை. குடல் இணைப்பு ஆறும்வரை, அதாவது 6 வாரங்களுக்கு, நார்ச்சத்து குறைந்த உணவே உண்ண வேண்டும் என்றும், தோல், விதை, உலர்பழம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்றும் உணவியல் நிபுணர் கூறியிருக்கிறார்.

முதல் கூடையில் திராட்சை, ஆரஞ்சு, சோடா கலந்த எலுமிச்சைப் பானம் ஆகியவற்றை வைத்தேன். அவர் திராட்சையை ஒவ்வொன்றாக நகத்தால் உரித்து, தோலைத் தட்டின் ஓரத்தில் குவித்ததைப் பார்த்தபோதுதான் என் தவறு புரிந்தது. சோடாவைக் குடித்த அரைமணி நேரத்தில் வயிறு உப்பித் தையல் இழுத்தது. அடுத்து, வடிகட்டிய ஆப்பிள் சாற்றை நீர் கலக்காமல் ஒரு முழு டம்ளர் கொடுத்தோம். அதிலுள்ள சார்பிட்டாலும் ஃபிரக்டோஸும் காரணமோ என்னவோ, மூன்று முறை வயிற்றுப்போக்கு ஆயிற்று.

நன்கு கனிந்த வாழைப்பழமும் விதை நீக்கிய முலாம்பழமும் ஒத்துக்கொள்கின்றன. ஆனால் அவர் ஒரு வேளைக்கு நான்கைந்து துண்டுகளே உண்பதால், மீதி மறுநாளே குழைந்துவிடுகிறது.

இவ்விரண்டு பழங்களைத் தவிர, தோலும் விதையும் வாயுவும் இல்லாமல், சிறு அளவுகளில் மூன்று நான்கு நாட்கள் கெடாமல் இருக்கக்கூடிய பழங்களையும் பானங்களையும், இதே சிகிச்சைக்குப் பின் உண்டு பார்த்தவர்கள் குறிப்பிட முடியுமா?