கூட்டிப் பார்த்தால் 105 சதவீதம்: டீ, காபி கருத்துக்கணிப்பில் நான் பார்த்தது

மாலதி

எங்கள் அலுவலகத்தில் டீ இயந்திரம் ஒன்று, காபி இயந்திரம் ஒன்று வாங்குவதா, ஏதாவது ஒன்று போதுமா என்று முடிவு செய்ய 200 பேரிடம் படிவம் கொடுத்துக் கேட்டார்கள். தொகுத்துத் தரும் வேலையை வெளியில் ஒரு குழுவிடம் விட்டிருந்தார்கள். அறிக்கையின் முக்கியமான வரி இது: டீ பிடிக்கும் 72%, காபி பிடிக்கும் 58%, இரண்டும் பிடிக்கும் 25%.

படித்த எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்கள். இப்படி மூன்று எண் வந்தால் நான் அவற்றை ஒன்றோடொன்று கலக்காத துண்டுகளாகப் பிரித்துப் பார்ப்பேன். டீ மட்டும் 72 - 25 = 47. காபி மட்டும் 58 - 25 = 33. இரண்டும் 25. கூட்டினால் 105! இரண்டுமே வேண்டாம் என்பவர்களுக்கு மைனஸ் 5% தான் மிச்சம். அப்படி ஒரு கூட்டம் இருக்க முடியாது.

அசல் படிவங்களைக் கேட்டிருக்கிறேன். வருவதற்குள், இது மாதிரி எண்களைச் சந்தித்தவர்கள் எங்கே கோளாறு இருந்தது என்று சொன்னால் தேடுவதற்கு உதவும்.

சரவணன்

இது சுலபம்தானே? 72-ஐயும் 58-ஐயும் கூட்டினால் 130. 100-க்கு மேல் இருக்கும் 30 தான் இரண்டும் பிடித்தவர்கள். எங்கள் சங்கத்தில் யார் எந்த விளையாட்டுக்கு வருவார்கள் என்று எடுத்த கணக்கிலும் இப்படித்தான் செய்தேன், சரியாக வந்தது. 25 என்பதை 30 என்று திருத்திவிடுங்கள்.

தேன்மொழி

சரவணன், உங்கள் சங்கத்தில் எல்லோருமே ஏதாவது ஒரு விளையாட்டுக்காவது வருபவர்கள் என்பதால் அது சரியாக வந்திருக்கும். இங்கே இரண்டும் வேண்டாம் என்பவர்களும் இருப்பார்கள். அதனால் 30 என்பது விடை ஆகாது, தரைமட்டம். அதற்குக் கீழே போக முடியாது, மேலே போகலாம். எதுவரை? காபி பிடித்த 58 பேரும் டீயும் பிடித்தவர்களாக இருந்துவிட்டால் 58 வரை. அந்தக் கடைசி நிலையில் இரண்டும் வேண்டாதவர்கள் 28% ஆகிவிடுவார்கள். டீ, காபி எண்களை மட்டும் வைத்துக்கொண்டு 30-க்கும் 58-க்கும் நடுவில் எது உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது. மக்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கருத்துக்கணிப்புப் படிவங்களைத் தொகுப்பது என் வேலை. மாலதி, உங்கள் எண்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வருவது படிவத்தின் மேல்தான். அதில் டீ, காபி என்ற இரண்டு கட்டங்களோடு "இரண்டும்" என்று தனியாக ஒரு கட்டமும் இருந்ததா? இருந்தால் சிலர் அதை டிக் செய்வார்கள். சிலர் டீ, காபி இரண்டையும் தனித்தனியாக டிக் செய்துவிட்டு அதை விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், ஆனால் தொகுப்பவர் "இரண்டும்" கட்டத்தை மட்டும் எண்ணினால் எண்ணிக்கை குறைந்துவிடும். நானே பல படிவங்களில் பார்த்த கோளாறு இது.

முருகேசன்

எனக்கு ஒன்று புரியவில்லை. டீ 72, காபி 58, இரண்டும் 25, மூன்றையும் கூட்டினால் 155 வருகிறதே, 105 எப்படி? என் மகளின் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தது. கணக்கில் தோற்றவர்கள் 35%, அறிவியலில் தோற்றவர்கள் 45%, இரண்டிலும் தோற்றவர்கள் 20%. மூன்றையும் கூட்டி 100, அதனால் யாருமே தேறவில்லை என்று எழுதிவிட்டாள். கூட்டல் சரியாக 100 வந்ததால் சந்தேகமே வரவில்லை என்கிறாள்.

தேன்மொழி

முருகேசன் ஐயா, "கணக்கில் தோற்றவர்கள் 35" என்றால் அதற்குள்ளேயே இரண்டிலும் தோற்ற 20 பேர் இருக்கிறார்கள். அறிவியல் 45-க்குள்ளும் அதே 20 பேர். அவர்களைத் தனியாகவும் கூட்டினால் ஒரே ஆள் மூன்று தடவை எண்ணப்படுவார். பிரித்துப் பாருங்கள்: கணக்கில் மட்டும் 15, அறிவியலில் மட்டும் 25, இரண்டிலும் 20. ஆக, எதிலாவது தோற்றவர்கள் 60. இரண்டிலும் தேறியவர்கள் 40. கேள்வியில் "மட்டும்" என்ற சொல் இருந்தால்தான் மகள் செய்தபடி நேராகக் கூட்டலாம். அந்தச் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள்.

மாலதி

படிவங்கள் வந்துவிட்டன. தேன்மொழி சொன்னதேதான்! "இரண்டும்" என்று தனிக் கட்டம் இருந்தது. அதை டிக் செய்தவர்கள் 50 பேர், அறிக்கையின் 25% அதுதான். டீ, காபி இரண்டையும் தனித்தனியாக டிக் செய்து அந்தக் கட்டத்தைத் தொடாதவர்கள் 24 பேர். டீ 144 பேர், காபி 116 பேர் என்பதை எண்ணும்போது எல்லா டிக்குகளையும் சரியாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே 72, 58 இரண்டும் சரி. 25 மட்டும்தான் தப்பு.

இரண்டும் பிடித்தவர்கள் உண்மையில் 74 பேர், அதாவது 37%. டீ மட்டும் 70 பேர், காபி மட்டும் 42 பேர், எதையும் டிக் செய்யாதவர்கள் 14 பேர். கூட்டினால் 200 சரியாக வருகிறது.

இதனால் முடிவே மாறுகிறது. டீ இயந்திரம் இல்லாவிட்டால் 47% பேர் வெறும் கையோடு நிற்பார்கள் என்றது பழைய அறிக்கை. உண்மையில் அது 35%. காபி இயந்திரம் இல்லாவிட்டால் 33% என்றது, உண்மையில் 21%. இரண்டாவது இயந்திரம் தேவையா என்று பேசும்போது 33-க்கும் 21-க்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

சரவணன்

சரி, 30 தரைமட்டம் என்பது இப்போது புரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. எங்கள் குழுவில் ஒருவர் "டீக்காரர்களில் பாதிக்கு மேல் காபியும் குடிப்பார்கள்" என்றார். நீங்கள் 37% என்கிறீர்கள். யார் சொல்வது சரி?

மாலதி

இரண்டும் ஒத்துப்போகிறது. அவர் டீ பிடித்த 144 பேருக்குள் பார்க்கிறார்: 144-ல் 74 பேர், 51% சொச்சம். நான் மொத்தம் 200 பேருக்குள் பார்க்கிறேன். காபிக்காரர்களுக்குள் பார்த்தால் அதே 74 பேர் 64% ஆகிவிடுவார்கள். எத்தனை பேருக்குள் என்று சொல்லாமல் சதவீதம் மட்டும் சொன்னால் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இளங்கோ

105 வந்ததை முழுமையாக்கியதில் வந்த வித்தியாசம் என்று யாராவது சமாளித்திருப்பார்களே? எங்களிடம் ஒரு தடவை 101 வந்தது, தசமங்களைப் பார்த்தால் அது அதுதான்.

தேன்மொழி

101 என்றால் இருக்கலாம். ஒவ்வொரு எண்ணும் முழுமையாக்கும்போது அதிகபட்சம் அரை சதவீதம்தான் நகரும். மூன்று எண்களும் ஒரே பக்கம் இழுத்தால்கூட ஒன்றரைக்கு மேல் போகாது. அதனால் 5 வந்தால் அந்தச் சமாதானம் செல்லாது.

மாலதி, எனக்கு இன்னும் உறுத்துவது அந்த 14 பேர். எதையும் டிக் செய்யவில்லை என்றால் இரண்டும் பிடிக்காதவர்களா, படிவத்தை நிரப்பாமல் கொடுத்தவர்களா? நிரப்பாதவர்களாக இருந்தால் அவர்களை 200-லிருந்து எடுத்துவிட வேண்டும். எல்லோரையும் எடுத்தால் இரண்டும் பிடித்தவர்கள் 186-ல் 74, அதாவது 40% அளவுக்கு ஏறிவிடும்.

மாலதி

"இரண்டும் வேண்டாம்" என்ற கட்டமே படிவத்தில் இல்லை. 14 தாளும் பெயர் எழுதாதவை. மூன்றில் மட்டும் ஓரத்தில் "வெந்நீர் போதும்" என்று எழுதியிருக்கிறார்கள். மீதி 11 பேரை எங்கே வைப்பது என்று இங்கே இருவர் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்கு 200-ஐயே வைத்துக்கொண்டு, 11 தாள்களைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி சேர்க்கிறேன்.