வீட்டில் ஒருவருக்கு டிபி: கூட இருப்பவர்களுக்கு வரும் கடிதம், அறிகுறிப் படிவம்

தேனிக்காரன்
பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு நுரையீரல் டிபி. மார்ச் 10-ல் மாத்திரை தொடங்கியாச்சு. கூட இருப்பவர்களைப் பரிசோதனைக்குக் கூப்பிடும் ஆரம்ப சுகாதார நிலையக் கடிதத்தில் மனைவி, 70 வயது தாயார், மகள், 3 வயது பேத்தி என 4 பேர். விடுதியில் படிக்கும் மகன் பொங்கலுக்கு ஒரு வாரம் வந்து போனான், அவன் பெயர் இல்லை. சேர்க்கணுமா? படிவத்தை யார் நிரப்பணும்?

செவிலி_மலர்
சேர்க்கணும். மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து 3 மாதம் பின்னோக்கிப் போங்க, டிசம்பர் 10 வரும். அந்த இடைவெளியில் ஒரு ராத்திரியாவது அதே வீட்டில் தூங்கினவர் கணக்கில் வருவார். தினமும் பகலில் நெடுநேரம் அதே அறையில் இருப்பவரும் வருவார். பெரும்பாலும் ரேஷன் கார்டைப் பார்த்துப் பெயர் எழுதிடறாங்க. விடுதிப் பையனும் கார்டில் இல்லாத மச்சினனும் விட்டுப்போறது அதனாலதான். மகன் இருக்கும் ஊரிலேயே அரசு மருத்துவமனையில் கடிதத்தைக் காட்டினால் போதும், ஊருக்கு வரத் தேவையில்லை.

படிவத்தை வீட்டுத் தலைவர் உட்கார்ந்து எல்லாருக்கும் நிரப்பக் கூடாது. "இல்லை" கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே நேர்கோட்டில் டிக் இருந்தால், ஆளைப் பார்க்காமல் போட்டதுன்னு கையெழுத்தே சொல்லிடும். ஒவ்வொருவரையும் தனியாக, பெயர் சொல்லிக் கேட்கணும்.

கருப்பு_காபி
2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால்தானே டிக் போடணும்? 4 நாள் இருமலுக்கெல்லாம் போட்டா ஊரே டிபிதான்.

செவிலி_மலர்
பொதுமக்களுக்கு அந்த 2 வாரக் கணக்கு சரி. நோயாளியோட ஒரே வீட்டில் இருந்தவருக்கு அது கிடையாது, எத்தனை நாள் இருமலானாலும் டிக் போட்டு சளி கொடுக்கணும். 70 வயது அம்மாவைக் கேட்டா "அது எனக்கு எப்பவும் இருக்கறதுதான்"னு சொல்வாங்க, எழுதுறவர் "இல்லை"ன்னு போட்டுடுவார். அதுவும் "ஆம்"தான். எடை குறைஞ்சுதான்னு கேட்டால் யாருக்கும் தெரியாது; ரவிக்கை தொளதொளன்னு ஆச்சா, பெல்ட்டு ஓட்டை மாறிச்சான்னு கேளுங்க. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் ஓரத்தில் எழுதுங்க, டாக்டர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

சிவகாசி_ராணி
இந்தக் கடிதத்தைக் காட்டினா, டிபிக்கு அரசு தர்ற மாசம் 1000 ரூபாய் வீட்டில் எல்லாருக்கும் வருமா? என் நாத்தனாருக்கு இன்னும் வரல.

தேனிக்காரன்
அது நோயாளிக்கு மட்டும் அக்கா, சிகிச்சை முடியும் வரை. இது கூட இருக்கறவங்க பரிசோதனைக் கடிதம். நாத்தனாருக்கு வரலன்னா வங்கிக் கணக்கு பதிவாச்சான்னு டிபி சூப்பர்வைசரைக் கேளுங்க.

கருப்பு_காபி
பேத்திக்கு பிசிஜி போட்டிருப்பாங்க. இருமலும் இல்லைன்னா விட்டுடலாம்.

செவிலி_மலர்
விடக் கூடாத ஆளே அந்தக் குழந்தைதான். பிசிஜி, மூளைக்குப் போகும் டிபி மாதிரி கடுமையானவற்றைத்தான் பெரும்பாலும் தடுக்கும். 5 வயசுக்குள் நோய் வேகமா முற்றும், இருமலே இல்லாமலும் வரும். அதனால் குழந்தைக்குக் கேள்வியே வேற: விளையாட்டு குறைஞ்சுதா, தடுப்பூசி அட்டையில் எடை ஏறாம நிக்குதா, சாயங்காலம் உடம்பு சுடுதா. எதுவும் இல்லை, டாக்டர் பார்த்து நோய் இல்லைன்னு சொன்னால், டிபி கிருமி உடம்பில் இருக்கான்னு பார்க்கும் ஊசிப் பரிசோதனைக்குக் காத்திராமல் தடுப்பு மாத்திரை தொடங்கலாம். ஐசோனியசிட் 6 மாதம், தினமும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கு. பேத்தி 12 கிலோன்னா சுமார் 120 மில்லிகிராம். அதனால எடையை அன்னிக்கே தராசில் பார்க்கணும், அம்மா சொல்ற எடையை எழுதக் கூடாது.

நோய் இல்லைன்னு உறுதியாகாமல் தடுப்பு மாத்திரை கொடுத்தால் ஆபத்து. நோய்க்கு ஒரே மருந்து கொடுத்த கதையாகி, கிருமி அதுக்குப் பழகிடும்.

ஆய்வகத்_தம்பி
கடிதத்தில் இன்னொரு கட்டம் அடிக்கடி காலியா வருது: நோயாளியின் கிருமி எந்த மருந்துக்கு அடங்கலைங்கற முடிவு. டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் முடிவு, சிபிநாட்ங்கற சளிப் பரிசோதனையில் அன்னிக்கே வந்துடும். ஐசோனியசிட் முடிவு வேற பரிசோதனை, தாமதமா வரும். கிருமி ஐசோனியசிட்டுக்கே அடங்கலைன்னா அந்தக் குழந்தைக்கு அந்த மாத்திரை வீண். அதனால முடிவு வந்ததும் குழந்தையின் சீட்டை மறுபடி டாக்டரிடம் காட்டணும்.

சளி டப்பாவில் பாதிக்குப் பாதி எச்சில்தான் வருது. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளிச்சு, மூச்சை நல்லா இழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுக்கச் சொல்லுங்க. தண்ணியா, நுரையா இருந்தால் எச்சில். கெட்டியா இழுபட்டா சளி.

கருப்பு_காபி
சரி, மகள், மனைவி, மகனுக்கு ஒரு அறிகுறியும் இல்லை. எக்ஸ்ரேயும் வேணாமே?

ஆய்வகத்_தம்பி
எடுக்கணும். 2019–21 தேசிய டிபி கணக்கெடுப்பில் எக்ஸ்ரே எடுக்காமல் விட்டிருந்தால் கண்டுபிடித்த டிபி நோயில் 42.6 சதவீதம் தப்பியிருக்கும். அறிகுறிக் கேள்வி மட்டும் போதாது.

தேனிக்காரன்
எக்ஸ்ரே சுத்தம்னா பெரியவங்களுக்கும் தடுப்பு மாத்திரையா? எங்க பக்கம் ஊசிப் பரிசோதனை இல்லைன்னு திருப்பி அனுப்பறாங்க.

செவிலி_மலர்
பரிசோதனை கிடைக்கலைங்கறதுக்காக மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டாம்னுதான் வழிகாட்டுதல். ஆனா கல்லீரல் கோளாறு, தினமும் குடி இருந்தால் டாக்டர் யோசிப்பார். எங்க வட்டாரத்தில் கொடுக்கறாங்க.

ஆய்வகத்_தம்பி
எங்க பக்கம் பரிசோதனை முடிவில்லாம கைவைக்கறதில்லை. ஒருத்தர் கொடுப்பார், ஒருத்தர் கொடுக்க மாட்டார். கொடுக்கலைன்னா, அறிகுறிக்குத் திரும்ப எப்ப வரணும்னு தேதி எழுதி வாங்கிட்டு வாங்க.