ஸ்டெபிலைசர் பின்னேரத்தில விடாமல் டிக் டிக் எண்டுது: பிழை லைனிலயா, பெட்டிக்குள்ளயா? (அனுபவப் பகிர்வு)

ரூபன், வெள்ளவத்தை

பிரிட்ஜ் ஸ்டெபிலைசர், ரிலே வகை. டிஸ்பிளே எரியேல்ல எண்டு திருத்தக் குடுத்து எடுத்து வந்த பிறகுதான் இந்தக் கரைச்சல். பின்னேரம் ஏழு மணி தாண்டினால் டிக், டிக் எண்டு தொடங்கும். பத்து மணிக்குப் பிறகு தானா நிக்கும். திருத்தினவர் லைன் கூடிக் குறையுது எண்டார். கரண்ட் ஆக்கள் வந்து மீட்டர் பெட்டியில பிடிச்சுப் பார்த்திட்டு, லைன் நல்லாத்தான் இருக்கு, உங்கட பெட்டிதான் பிழை எண்டிட்டுப் போயிட்டினம். ரெண்டு பகுதியும் பார்த்தது பட்டப்பகலில.

அதை விடுவம். என்ர மண்டைக்குள்ள நிக்கிறது வேற விஷயம். மச்சானிட்ட இன்னொரு மல்ட்டிமீட்டர் வாங்கி, ஒண்டைப் பக்கத்துப் பிளக் பேஸில போட்டன், மற்றதை ஸ்டெபிலைசரின்ர வெளிப் பக்கத்தில போட்டன். உள்ள வாறது 207. இடைக்கிடை 206, 208, அவ்வளவுதான். வெளிய 207, டிக், 232, டிக், 207, டிக், 232. இந்த ரெண்டு நம்பரைத் தவிர வேற ஒண்டும் வரேல்ல. பிரிட்ஜைக் கழட்டினன், அப்பவும் அதே அடி. உள்ள அசையாமல் நிக்கிற கரண்ட் வெளிய மட்டும் ஏன் துள்ளுது? ஆரும் இதைக் கண்டிருக்கிறீங்களோ?

செல்வம், கொட்டாஞ்சேனை

ரிலே போயிருச்சு அண்ணே. யோசிக்கவே வேண்டாம், மாத்துங்க.

எங்க கடை கூலருக்கு இருந்த ஸ்டெபிலைசரும் இப்படித்தான் கூடிக் குறைஞ்சுச்சு. திறந்து பார்த்தா ஒரு ரிலேயோட மூடி பழுப்பாகி உருகிப்போய் இருந்துச்சு. மூடியைப் பிச்சா உள்ள கண்டாக்ட் முனை ரெண்டும் கருகி, நடுவுல பள்ளம். அந்தப் பள்ளத்தைப் பார்த்தது இன்னும் கண்ணுல நிக்குது, ஏன்னா அது பக்கத்துலதான் பிளாஸ்டிக் வயர் எல்லாம் கட்டா ஓடுச்சு. பத்தியிருந்தா கடையே போயிருக்கும். ரிலே மாத்தின பிறகு ஒரு பிரச்சினையும் இல்ல. ஸ்டெபிலைசர் விடாம அடிச்சா அது ரிலேதான்.

ரினோசா, தெஹிவளை

அப்படி ஒரேயடியாச் சொல்லாதீங்க. எங்கட வீட்டுல ஸ்டெபிலைசர்ல ஒரு பிழையும் இருக்கல்ல, லைன்தான் பிழை.

எங்களுக்கு மூணு பேஸ் கனெக்ஷன். ஏசி ஸ்டெபிலைசர் நாள் முழுக்க ஏறி இறங்கி, கடைசியில கட் ஆகிரும். வாப்பா புதுசு ஒண்டு வாங்கிப் போட்டாங்க, அதுவும் அதே மாதிரி. ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு நான் குசினியில கேத்தலைப் போட்டேன், ஹோல்ல இருந்த குண்டு பல்பு பளீர்னு வெள்ளையா எரிஞ்சிச்சு. கேத்தலை நிப்பாட்டினா பழைய மஞ்சள். திருப்பிப் போட்டா திரும்ப வெள்ளை. லோட் போட்டா வெளிச்சம் மங்கும்னுதான் தெரியும். கூடுறதை அண்டைக்குத்தான் கண்டேன். நெஞ்சு பக்குன்னு போச்சு.

தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் போன்லயே சொல்லிட்டாங்க, நியூட்ரல் லூஸ், உடனே மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்கண்டு. வெளிய போஸ்ட்டுல இருந்து வாற வயர் ஜொயின்ட்ல நியூட்ரல் பச்சை பிடிச்சு அரைகுறையாத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கு. கரண்ட் ஆக்கள் வந்து புது ஜொயின்ட் போட்டுத் தந்தாங்க. பழைய ஸ்டெபிலைசர் இன்னும் வேலை செய்யுது.

பரமேஸ்வரன், பம்பலப்பிட்டி

நண்பர்களே, கணினி யூபிஎஸ் டிக் டிக் என்று அடிப்பது பற்றி நானும் நிறையச் சிரமப்பட்டவன். பேட்டரி வயதாகிவிட்டால் அப்படித்தான். என் மேசையில் இருந்தது பேட்டரி மாற்றியதும் அமைதியாகிவிட்டது.

அது ஒருபுறம் இருக்க, எல்லோருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ரிலே ஸ்டெபிலைசரை விட்டுவிட்டு சேர்வோ ஸ்டெபிலைசர் வாங்குங்கள். ரிலே வகை படிப்படியாகத் தாவும். சேர்வோவில் மோட்டார் ஒரு கார்பன் பிரஷ்ஷை வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொண்டே இருக்கும், ஆகவே வெளிவரும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். வாங்கும்போது பிரிட்ஜ் ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். கம்பிரசர் கிளம்பும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், அதற்கும் தாங்க வேண்டும். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், காற்றோட்டம் வேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது பிரஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக் காற்றும் தூசியும் அந்தச் செம்புப் பாதையில் படியும். வீட்டில் ஒரு மின்னழுத்த மீட்டரைச் சுவரிலேயே பொருத்தி வைப்பதும் நல்லது. பிள்ளைகளும் பார்த்துப் பழகுவார்கள்.

மருதானை ஒர்க்‌ஷொப்

ஐயா, தம்பி கேட்டது பிரிட்ஜ் ஸ்டெபிலைசர், யூபிஎஸ் இல்லை. சேர்வோவும் திடீரெண்டு விழுற கரண்டைப் பிடிக்காது, மோட்டார் நகர நேரம் வேணும்.

தம்பி ரூபன், நீங்கள் ரெண்டு மீட்டரையும் ஒரே நேரத்தில போட்டதுதான் சரியான வேலை. ஒரு மீட்டரை மாத்தி மாத்திப் பிடிச்சால் எது முதல் அசைஞ்சது எண்டு ஒருநாளும் பிடிபடாது. லைன் பிழை எண்டால் முதலில உள்பக்க நம்பர் அசையும், பிறகுதான் டிக் கேட்கும். உங்கட உள்பக்கம் அசையவே இல்லை. பிரிட்ஜைக் கழட்டியும் அடிச்சதால, லோட் இழுத்து லைன் விழுகுது எண்டும் சொல்ல ஏலாது.

செல்வம் சொன்ன கருகின கண்டாக்ட் உண்மையாகவே நடக்கிறது, நெருப்புக்கும் அதுதான் காரணமாகும். ஆனால் அதின்ர அடையாளம் வேற. லோட் இல்லாமல் பிடிச்சால் மீட்டரில நல்ல நம்பர்தான் காட்டும். லோட் போட்டால் 232 நிக்க வேண்டிய இடத்தில 215, 190 எண்டு அலையும், அதுவும் டிக் சத்தமே இல்லாமல். ரூபனுக்கு வாறது சுத்தமான ரெண்டு நம்பர். 207 ஐ 1.12 ஆல பெருக்கிப் பாருங்கோ, 232 வரும். அதாவது டிரான்ஸ்ஃபார்மரில வாறதை அப்பிடியே விடுற நேர் டப், 12 சதவீதம் ஏத்துற டப், ரெண்டும் ஒழுங்கா வேலை செய்யுது. ரிலே சொன்னதைச் செய்யுது. சொல்லுற போர்ட்தான் மாறி மாறிச் சொல்லுது.

இனி என்ர சந்தேகம். டிஸ்பிளே திருத்தினவர் போர்ட்டில வோல்ட் எல்லையை வைக்கிற சின்னத் திருகு, பிரிசெட், அதையும் திருகியிருப்பார். இந்த மாதிரிப் பெட்டிகளில கனக்க வெளிய போற வோல்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்குது. 215க்குக் கீழ விழுந்தால் ஏத்து, மேல் எல்லையைத் தாண்டினால் இறக்கு. மேல் எல்லையை ஆரும் 230க்குக் கொண்டுவந்து வைச்சால் என்ன நடக்கும்? 207 குறைவு எண்டு ஏத்தும். 232 வரும். அது கூட எண்டு இறக்கும். திரும்ப 207. இதுக்கு முடிவே இல்லை. ஒரு படியே 25 வோல்ட் தாவுது, நிக்க விட்ட இடமோ 15 வோல்ட்தான். 215 ஐ ஏத்தினால் 241 வரும், அதால மேல் எல்லை 241க்கும் மேல இருந்தே ஆகோணும். நான் எண்டால் 245இல வைப்பன்.

இந்தக் கணக்குப்படி உள்ள வாறது 205க்கும் 215க்கும் இடையில நிக்கேக்க மட்டும்தான் அடிக்கும். பகலில 215க்கு மேல, அடிக்காது. இன்னும் விழுந்து 203 வந்தால் ஏத்தி 227இல பேசாமல் நிக்கும். ஒருக்கா பொறுத்திருந்து பாருங்கோ. நான் சொன்னது சரியோ பிழையோ எண்டு அதிலயே தெரிஞ்சிடும்.

நீங்களா மூடியைத் திறந்து திருக வேண்டாம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் லைனோட நேரடியாத் தொடர்பில இருக்கிற சாமான், போர்ட்டிலயும் 230 நிக்கும். வேரியாக் இருக்கிற இடத்தில குடுத்து, உள்ளுக்குக் குடுக்கிற வோல்டை மெல்ல ஏத்தி இறக்கி, எந்த இடத்தில டிக் எண்டுது எண்டு எழுதி எழுதித்தான் செட் பண்ணோணும்.

செல்வம், கொட்டாஞ்சேனை

கணக்கு சரி அண்ணே, ஆனா கெப்பாசிட்டர் பழசானாலும் இப்படி அடிக்கும். எங்க ஏரியா பாஸ் ஒருத்தர் எந்த ஸ்டெபிலைசர் வந்தாலும் முதல்ல போர்ட்டுல இருக்கிற கெப்பாசிட்டரைத்தான் மாத்துவார். பாதி அதுலயே சரியாயிரும்.

மருதானை ஒர்க்‌ஷொப்

சரியாகும், மறுக்கேல்ல. ஆனால் சத்தத்தைக் கேளுங்கோ. கெப்பாசிட்டர் காய்ஞ்சால் ரிலே டர்ர்ர் எண்டு நடுங்கும். ரிலே இழுக்கேக்க போர்ட்டின்ர 12 வோல்ட் விழும், ரிலே விடும், 12 வோல்ட் ஏறும், திரும்ப இழுக்கும். ரூபனுக்குக் கேட்கிறது ஆறுதலா, ஒரே இடைவெளி விட்டு வாற டிக். அது போர்ட் யோசிச்சு எடுக்கிற முடிவு.

இன்னொண்டு. 230இல 6 சதவீதம் கழிச்சால் 216. உங்கட 207 அதுக்கும் கீழ. அது ஆடேல்ல, சரி, ஆனால் குறைவு. பெட்டியில பிழை இருக்குது எண்டதால லைன் நல்லதெண்டு ஆகாது. பின்னேரத்தில மீட்டர் பெட்டியிலயும் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு ஒருக்கா அளக்கச் சொல்லுங்கோ. அங்க 225 இருந்து குசினியில 207 எண்டால், பிழை உங்கட வீட்டு வயரிங்கில.

ரூபன், வெள்ளவத்தை

அண்ணை சொன்ன மாதிரியே நடந்தது. சனிக்கிழமை ராத்திரி பிளட்டில எல்லாரும் ஏசி போட்ட நேரம் உள்ள வாறது 204க்கு இறங்கிச்சு. வெளிய 228. ஒரு சத்தமும் இல்லை. பிறகு 206க்கு ஏறினவுடன டிக், டிக் தொடங்கிட்டுது. அந்த 204இல பெட்டி அமைதியா நிண்ட நேரம்தான் எனக்கு விஷயம் முழுக்க விளங்கினது.

வேற ஒரு இடத்தில குடுத்தன். வேரியாக்கில போட்டுக் காட்டினார், மேல் எல்லை 230 கிட்டத்தான் நிண்டது. 245க்கு மாத்தினவர், கெப்பாசிட்டரையும் சேர்த்து மாத்தியிருக்கிறார். இப்ப பின்னேரம் 207 வந்தால் ஒருக்கா டிக் எண்டு 232க்கு ஏறி அங்கயே நிக்குது.

மீட்டர் பெட்டியில பின்னேரம் 210. அதால வீட்டு வயரிங்கில போறது மூண்டு வோல்ட்தான். கரண்ட் ஆபீஸில அந்த நம்பரையும் நேரத்தையும் எழுதிக் குடுத்திருக்கிறன். பகலில வர வேண்டாம், எட்டு மணிக்குப் பிறகு வாங்கோ எண்டு சொன்னன். இன்னும் வரேல்ல.

செல்வம், கொட்டாஞ்சேனை

கெப்பாசிட்டரும் மாறியிருக்கு இல்லையா. அப்ப எதால சரியாச்சுன்னு எப்படிச் சொல்றது?

மருதானை ஒர்க்‌ஷொப்

மாத்த முதலே வேரியாக்கில 230 எண்டு பார்த்திருக்கினமே. பழைய கெப்பாசிட்டரை அளந்தால் மிச்சமும் தெரியும். ரூபன், அதை வாங்கி வைச்சிருக்கிறீங்களோ?

ரினோசா, தெஹிவளை

குறுக்க கேட்கிறேன், மன்னிக்கணும். வீட்டுல எல்லாம் எல்ஈடி பல்பா மாத்திட்டோம். எங்கட மாதிரி நியூட்ரல் திரும்ப லூஸ் ஆனா இப்ப எதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறது? எல்ஈடி மங்கவும் மாட்டேங்குது, கூடவும் மாட்டேங்குது.

மருதானை ஒர்க்‌ஷொப்

எல்ஈடிக்குள்ள இருக்கிற டிரைவர் அதை மறைச்சுப் போடும் தங்கச்சி. ஒரு குண்டு பல்பை ஒரு பேஸிலயாவது விட்டு வையுங்கோ. அதோட, மூண்டு பேஸிலயும் ஒவ்வொரு பிளக் பேஸை அளந்து பாருங்கோ. கேத்தலைப் போடேக்க ஒண்டு குறைஞ்சு மற்றது ரெண்டும் ஏறுது எண்டால் காத்திராமல் மெயினை ஆஃப் பண்ணுங்கோ.