ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்குத்தாள் கேட்டவர்களின் அனுபவம்

கேள்வி (கோவைவாசி): ரிலீவ் ஆகி மூன்று வாரம் ஆகிறது. "உங்களுக்கு வர வேண்டியது எதுவும் இல்லை, 14,600 ரூபாய் நீங்கள்தான் கட்ட வேண்டும்" என்று ஒரே வரியில் மெயில். மொத்தச் சம்பளம் 60,000, பேசிக் 30,000. நோட்டீஸ் 60 நாளில் 40 நாள் வேலை பார்த்தேன். மீதி லீவ் 18 நாள். 7,400 ரூபாய்க்குப் பயண பில் நிலுவை. தனியாக ஸ்டேட்மென்ட் கேட்கலாமா?

பேரோல்மணி: கேட்டே ஆக வேண்டும். உங்கள் எண்களை வைத்துப் போட்டால் அவர்கள் செய்தது தெரிகிறது. லீவுக்கு பேசிக்கில் ஒரு நாள் 1,000 வீதம் 18,000. நோட்டீஸ் பிடித்தத்துக்கு மட்டும் மொத்தச் சம்பளத்தில் ஒரு நாள் 2,000 வீதம், 20 நாளுக்கு 40,000. பில் 7,400ஐச் சேர்த்தால் சரியாக 14,600 குறைகிறது. கொடுக்கும்போது பேசிக், பிடிக்கும்போது மொத்தம்! நோட்டீஸ் பிடித்தம் எதன் மேல் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பாருங்கள். "பேசிக்" என்று இருந்தால் பிடித்தம் 20,000தான்; அப்போது உங்களுக்கு 5,400 வர வேண்டும்.

மதுரைக்காரன்: லீவுக்கு 26ஆல்தான் வகுக்கணும், 30 தப்பு. சட்டமே அப்படித்தான்.

பேரோல்மணி: 26 என்பது கிராஜுவிட்டிக்கான கணக்கு, அண்ணா. லீவுக்கு கம்பெனி பாலிசியையும் உங்கள் ஊர் கடைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 26 என்றால் 18 நாளுக்கு 20,769 வரும். அதனால் மெயிலில் நாள் எண்ணிக்கை, எதன் மேல், எத்தனையால் வகுத்தீர்கள், இந்த மூன்றையும் ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். பில் தொகையைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். சம்பளத் தலைப்பில் சேர்த்துவிட்டால் அதற்கும் வரி பிடிப்பார்கள்.

தென்றல்: பிஎஃப் எடுக்க ஃபார்ம் 19தானே போடணும்? எனக்கு வெளியேறிய தேதியே ஏறவில்லை.

பேரோல்மணி: அது வேறு விஷயம்மா, இந்தக் கணக்கில் வராது. தேதியை ஏற்ற பழைய ஹெச்ஆரிடமே கேளுங்கள்.

நெல்லைசெல்வி: ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்துவிட்டது. ராஜினாமா செய்தவருக்கு ஊதியம் இரண்டு வேலை நாளில் கொடுக்க வேண்டும். ஆனால் பயண பில் "ஊதியம்" ஆகாது, அதற்கு இந்தக் கெடுவைக் காட்ட முடியாது. இன்னொன்று, கடைசி நாள் மாலையே போர்ட்டல் லாகின் மூடிவிடும். கிளெய்ம் எண், மேனேஜர் அப்ரூவல், பில் நகல் மூன்றையும் அதற்கு முன்பே சொந்த மெயிலுக்கு அனுப்பிவிட வேண்டும். கோவைவாசி, உங்களிடம் இருக்கிறதா?

கோவைவாசி: அப்ரூவல் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருக்கிறது. ஆர்டரில் "நோட்டீஸுக்கு ஈடான சம்பளம்" என்று மட்டும் போட்டிருக்கிறது. பேசிக்கா, மொத்தமா?

பேரோல்மணி: அங்கேதான் இழுபறி. அதே ஆர்டரின் சம்பள அட்டவணையில் "சம்பளம்" என்று எதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 18 நாள் லீவை நோட்டீஸில் கழிக்கலாமா என்றும் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் பாக்கி 2 நாள், மொத்தத்தில் பிடித்தாலும் 4,000தான். அதற்குப் பாலிசியில் இடம் இருக்க வேண்டும். தாள் வரும்வரை "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்" படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.

கோவைவாசி: இன்றே மெயில் போடுகிறேன். லீவைக் கழிக்க மறுத்தால் மறுபடி வருகிறேன்.