தொடர் எண்களின் கூட்டலில் ஒரு சந்தேகம், யாராவது விளக்குங்களேன்

வணக்கம் நண்பர்களே. குரூப் 4 தேர்வுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். சம இடைவெளியில் போகும் எண்கள் என்றால் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி. அதை எண்ணிக்கையால் பெருக்கினால் கூட்டுத்தொகை. 7, 11, 15 என்று 83 வரை போகும் தொடரில் சராசரி 45. எண்ணிக்கைக்கு (83−7)/4 = 19, அதோடு 1 சேர்த்து 20. கூட்டுத்தொகை 900. அந்த ஒன்றைச் சேர்க்காமல் விட்டால் 855 வரும், அதுவும் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும்! இதுவரை தெளிவு.

திருப்பிக் கேட்டால்தான் திணறுகிறேன். அடுத்தடுத்த முழு எண்களின் கூட்டுத்தொகை 100 என்றால் அவை எவை? ஐந்து எண்கள் என்றால் சராசரி 20, அதுவே நடு எண். ஆக 18 முதல் 22 வரை. நான்கு எண்கள் என்றால் சராசரி 25 என்று முழுசாக வருகிறது, ஆனால் அப்படி நான்கு எண்களே கிடையாது. இரட்டைப்படை எண்ணிக்கையில் நடுவில் இரண்டு எண்கள் நிற்பதால் சராசரி அரையில் முடிந்தாக வேண்டும். எட்டு எண்களுக்கு 12.5 வருகிறது, அதனால் 9 முதல் 16 வரை சரியாக அமைகிறது.

என் கேள்வி இதுதான்: ஒவ்வொரு எண்ணிக்கையாக வகுத்துப் பார்க்காமல், எந்தெந்த எண்ணிக்கை பொருந்தும் என்று 100-இன் காரணிகளை வைத்தே சொல்லிவிட முடியுமா? 5, 25 போன்ற ஒற்றைக் காரணிகளோடு இதற்குத் தொடர்பு இருக்கும் என்று தோன்றுகிறது. தெரிந்தவர்கள் 90-ஐ வைத்துப் படிப்படியாகப் போட்டுக் காட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.